ஜனவரியில் எல்லாம் இறங்கிய பிறகு பேக்கரி ஓனருக்கு மெயில் எழுதுவது

கேள்வி: "சின்ன டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சியில் அனலிஸ்டாகச் சேர்ந்திருக்கிறேன். ஒரு பேக்கரிக்கு மாதாமாதம் ரிப்போர்ட் மெயில் அனுப்புவது என் வேலை. டிசம்பர் மெயிலுக்கு ஓனர், 'தம்பி, இதெல்லாம் சரி, வியாபாரம் ஆச்சா இல்லையா?' என்று மட்டும் பதில் போட்டார். இப்போது ஜனவரியில் எல்லா எண்ணும் இறங்கியிருக்கிறது. அவருக்குப் புரியும்படி எப்படி எழுதுவது?"

ரீச், இம்ப்ரெஷன், சி.டி.ஆர். எல்லாவற்றையும் நல்ல தமிழில் விளக்கி அனுப்பினாலும் அவர் அதே கேள்வியைத்தான் திருப்பிக் கேட்பார். உங்கள் மெயில் விளம்பரக் கணக்கில் தொடங்கி விளம்பரக் கணக்கிலேயே முடிகிறது, அவர் கேட்பதோ கல்லாவைப் பற்றி. அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கணக்கு இருக்கிறது, அதை யாரும் போடவில்லை. அதைப் போட்டுவிட்டால் எழுதுவது பெரிய வேலையே இல்லை. போடாமல் எவ்வளவு எளிமையாக எழுதினாலும் வெறும் சொல்மாற்றம்தான். பேக்கரி, ஸ்வீட் ஸ்டால், துணிக்கடை மாதிரி ஒற்றைக் கடைகளுக்குப் பல வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். பல கிளைகள், பில்லிங் சாஃப்ட்வேர், தனியாக ஒரு மார்க்கெட்டிங் மேனேஜர் என்று இருக்கிற பெரிய செயினுக்கு நான் சொல்வது அப்படியே பொருந்தாது.

உங்கள் கடையின் விவரம் நீங்கள் கொடுக்கவில்லை, அதனால் நான் அதிகம் பார்த்திருக்கிற வகையை எடுத்துக்கொள்கிறேன். கவுன்டரில் பஃப்ஸ், பன், ரொட்டி, டீ ஓடிக்கொண்டிருக்கும்; அதற்கு விளம்பரமே கிடையாது, தெருவில் போகிறவர்கள்தான் வாடிக்கையாளர்கள். விளம்பரம் போடுவது ஆர்டர் கேக்குக்கு, அதாவது பிறந்தநாள், கல்யாண நாள் கேக்குக்கு. ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் கேக் படம் ஓடும், தட்டினால் கடையின் வாட்ஸ்அப் திறக்கும், அங்கே விலை பேசி அட்வான்ஸ் வாங்குவார்கள். கீழே வரும் எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நான் போட்டவை, எந்தக் கடையின் கணக்கும் இல்லை. உங்கள் எண்களை அந்த இடங்களில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில், விளம்பரக் கணக்கு உங்களுக்குச் சொல்லும் எண் எதை எண்ணுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். வாட்ஸ்அப் விளம்பரத்தில் மெட்டா காட்டும் முக்கியமான எண் Messaging conversations started என்பது. பெயரைப் பார்த்தால் இத்தனை புது ஆட்கள் வந்தார்கள் என்று தோன்றும், ஆனால் அதன் அர்த்தம் அது இல்லை. குறைந்தது 7 நாள் பேச்சு இல்லாமல் இருந்த ஒருவர் விளம்பரம் வழியாக வந்து மெசேஜ் போட்டால் அது ஒன்று. அதாவது மூன்று வருடமாக உங்களிடமே கேக் வாங்குகிற ஒரு அம்மா, போன வாரம் பேசாமல் இருந்துவிட்டு இன்று விளம்பரத்தைத் தட்டி "அண்ணா, அரைக் கிலோ பிளாக் ஃபாரஸ்ட்" என்று போட்டாலும் அதே கணக்கில் ஏறும். ஒரே ஆள் மாதத்தில் இரண்டு முறை ஏறவும் வாய்ப்புண்டு. இன்னொன்று, விளம்பரத்தைத் தட்டினதும் தயாராக ஒரு வரி டைப் ஆகி நிற்கும், அனுப்பு பட்டனை அழுத்தினால் போதும். அழுத்திவிட்டுக் காணாமல் போகிறவர்கள் ஏராளம். கடை "வணக்கம், எத்தனை கிலோ வேண்டும்?" என்று கேட்டால் அதற்குப் பிறகு பதிலே வராது. அவர்களும் அந்த எண்ணுக்குள்தான் இருக்கிறார்கள். ஆக, ஜனவரியில் அது 190 என்று காட்டினால் அது வியாபாரமும் இல்லை, 190 பேர் என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது. கடையின் போன் எத்தனை முறை அடித்தது என்பதற்கு நெருக்கமான ஒன்று, அவ்வளவுதான்.

மீதிக் கணக்கு கடையில் இருக்கிற போனிலும் ஆர்டர் நோட்டிலும்தான் இருக்கிறது, மெட்டாவுக்கு அது தெரியாது. இதற்குக் கடையில் ஒருவரைப் பிடிக்க வேண்டும், பெரும்பாலும் ஓனரை இல்லை, வாட்ஸ்அப் போனை வைத்திருக்கும் பெண்ணையோ பையனையோ. வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் ஒவ்வொரு உரையாடலுக்கும் லேபிள் போடலாம். மூன்றே லேபிள் போதும்: விளம்பரம், ஆர்டர் ஆனது, பழைய கஸ்டமர். விளம்பரம் வழியாக வந்த உரையாடலின் தொடக்கத்தில் அந்த விளம்பரமே சின்னதாகத் தெரியும் என்பதால் எங்கிருந்து வந்தார் என்று கேட்கவே வேண்டாம். கூடவே, அந்தத் தயார் வரியை ஒவ்வொரு விளம்பரத்துக்கும் வேறு வேறாக வையுங்கள், ஒன்றில் "பிறந்தநாள் கேக் விலை வேண்டும்", இன்னொன்றில் "முட்டை இல்லாத கேக் விலை வேண்டும்" என்று. சிலர் அதை அழித்துவிட்டு வேறு எழுதுவார்கள், ஆனாலும் எந்தப் படம் ஆளைக் கொண்டு வருகிறது என்று தெரிந்துகொள்ள இது போதும். நோட்டில் "எப்படித் தெரிஞ்சுது?" என்று ஒரு கட்டம் போட்டு வாடிக்கையாளரையே கேட்கும் வழியை நான் நம்புவதில்லை. கூட்ட நேரத்தில் கவுன்டரில் யாரும் கேட்பதில்லை, கேட்டாலும் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுப் போவார்கள், மாதக் கடைசியில் கடைப் பையன் எல்லாக் கட்டத்திலும் "இன்ஸ்டா" என்று ஒரே பேனாவில் நிரப்பியிருப்பான்.

எந்தத் தேதியில் கணக்கில் எடுப்பது என்பதையும் ஒரு முறை முடிவு செய்துவிட்டு மாற்றாமல் இருங்கள். ஜனவரி 28 அன்று பேசி பிப்ரவரி 3-க்கு டெலிவரி கேட்பார்கள். நான் அட்வான்ஸ் வாங்கிய தேதியை வைத்துக்கொள்வேன், ஏனென்றால் விளம்பரத்தின் வேலை அங்கே முடிந்துவிடுகிறது. ஓனர் டெலிவரி தேதியில்தான் பணத்தைப் பார்க்கிறார் என்பதால் அவருடைய மாத விற்பனையும் உங்கள் எண்ணும் கொஞ்சம் இடிக்கும், அதை மெயிலில் ஒரு வரியில் சொல்லிவிட்டால் பிறகு சண்டை வராது. மாதம் முடிந்த மறுநாள் காலையிலேயே எண்களை எடுத்துவிடவும் வேண்டாம். விளம்பரத்தைத் தட்டி சில நாள் கழித்து நடந்ததையும் மெட்டா பின்னால் போய்ச் சேர்க்கும், கூகுள் பிசினஸ் பக்கத்தில் மாதத் தேடல் சொற்கள் வரவும் சில நாள் ஆகும். 5-ஆம் தேதி வாக்கில் எடுத்தால் பிறகு பெரிதாக மாறாது.

இப்போது ஜனவரிக்கு வருவோம். உங்கள் பதற்றமே இதில்தான் என்று நினைக்கிறேன். டிசம்பருடன் ஜனவரியை ஒப்பிடுவதே பேக்கரித் தொழிலில் அர்த்தமில்லாத வேலை. கிறிஸ்துமஸ் பிளம் கேக் போக, நம் ஊரில் டிசம்பர் 31 ராத்திரி மதம் பார்க்காமல் வீட்டுக்கு வீடு கேக் வெட்டுகிறார்கள். பேக்கரி வாசலில் பந்தல் போட்டு மேஜை மேல் கேக் அடுக்கி விற்கும் ஒரே நாள் அது. அதற்குப் பிறகு வரும் ஜனவரி இறங்கித்தான் ஆகும், அதிலும் பொங்கல் வாரத்தில் வீட்டில் பொங்கலும் கரும்பும் இருக்கும்போது கேக்கைத் தேடுகிறவர்கள் குறைவு. இதை உங்களைவிட ஓனருக்கு நன்றாகத் தெரியும். "டிசம்பரைவிட 39% குறைவு" என்று நீங்கள் சிவப்பு எழுத்தில் போட்டால், இந்தத் தம்பிக்கு நம் தொழில் தெரியவில்லை என்றுதான் அவர் நினைப்பார். அதே காரணத்தால் டிசம்பரில் எண் ஏறியதற்கு நீங்கள் பெருமை எடுத்துக்கொண்டிருந்தால் அதுவும் அவரிடம் எடுபட்டிருக்காது.

சரி, போன வருட ஜனவரியுடன் ஒப்பிட்டால்? அது பரவாயில்லை, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு செய்ய முடியாது. 2025 ஜனவரியில் நான்கு சனிக்கிழமைகள், 2026 ஜனவரியில் ஐந்து. ஆர்டர் கேக்கில் ஒரு சனிக்கிழமை என்பது சின்ன விஷயமில்லை, வார நாளில் வரும் பிறந்தநாளைக்கூட வார இறுதிக்குத் தள்ளிக் கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் நான் காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு சனி, ஞாயிறு எத்தனை, பண்டிகை எந்த வாரத்தில் என்று பார்த்த பிறகுதான் ஒப்பிடுவேன்.

நம் உதாரணக் கடையில், விளம்பரமே இல்லாத போன வருட ஜனவரியில் நோட்டுப்படி மொத்தம் 140 ஆர்டர் கேக் என்று வைத்துக்கொள்வோம். இந்த ஜனவரியில் 171. கூடுதல் 31. ஆனால் லேபிள் போட்டு எண்ணியதில் விளம்பரம் வழியாக வந்த ஆர்டர் 38. அந்த 38-உம் விளம்பரம் இல்லாவிட்டால் வந்தே இருக்காது என்றால், மற்ற ஆர்டர்கள் 133-ஆகக் குறைந்துவிட்டன என்று ஆகிறது. அது நடந்திருக்கலாம். அதைவிட நம்பும்படியான விளக்கம், 38 பேரில் சிலர் எப்படியும் வந்திருப்பார்கள், வழியில் விளம்பரம் கண்ணில் பட்டதால் அதைத் தட்டிக்கொண்டு வந்தார்கள் என்பது. லேபிளில் 38 பேரில் 11 பேர் பழைய கஸ்டமர் என்று வந்தால் அந்தச் சந்தேகம் வலுக்கிறது. அதே சமயம், கூடுதல் சனிக்கிழமையும் தன் பங்குக்குச் சில ஆர்டர்களைக் கொண்டு வந்திருக்கும். இதற்கு மேல் ஒரு கடையின் ஒரு மாத எண்ணை வைத்துக்கொண்டு பிரிக்க முடியாது, பிரித்துக் காட்டுகிற எந்த சாஃப்ட்வேரையும் நான் நம்பமாட்டேன். உறுதியாகத் தெரிந்தது: 38 பேர் விளம்பரத்தைத் தட்டிவிட்டு ஆர்டர் கொடுத்தார்கள். உறுதியாகத் தெரியாதது: அவர்களில் எத்தனை பேர் விளம்பரத்தால் மட்டுமே வந்தார்கள். இந்த இரண்டு வாக்கியத்தையும் மெயிலில் அப்படியே எழுதலாம், ஓனருக்கு ஒரு குழப்பமும் வராது. கடை வைத்திருப்பவர்களுக்கு இது புதிதே இல்லை, போர்டு மாற்றியபோதும் ஏ.சி. போட்டபோதும் இதே கேள்வியை அவர்கள் தங்களுக்குள் கேட்டுப் பார்த்தவர்கள்தான்.

அடுத்தது செலவு. இதில்தான் ஏஜென்சிகள் வழுக்கும். விளம்பரச் செலவு 12,000 ரூபாய் என்று டாஷ்போர்டில் காட்டும், ஆனால் அவர் கையை விட்டுப் போனது அது இல்லை. அதன் மேல் 18% ஜி.எஸ்.டி. சேர்ந்து 14,160. உங்கள் ஏஜென்சிக் கட்டணம் 8,000 என்றால் வரியோடு 9,440. மொத்தம் 23,600. அவர் ஜி.எஸ்.டி.யில் சின்ன வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் அந்த வரியைத் திரும்ப எடுக்க முடியாது, முழுவதும் செலவுதான். வழக்கமான பதிவில் இருந்தால் எவ்வளவு கழிக்கலாம் என்று அவருடைய ஆடிட்டர் சொல்லட்டும், நாம் அதற்குள் போக வேண்டாம். வரவு பக்கம், 38 ஆர்டர், சராசரி 950 ரூபாய், ஆக 36,100. "12,000 போட்டு 36,100 எடுத்தோம், மூன்று மடங்கு" என்று எழுத உங்களுக்கு ஆசை வரும், உங்கள் மேனேஜருக்கு இன்னும் அதிகமாக வரும். எழுதாதீர்கள். 36,100-இல் மைதா, கிரீம், அட்டைப் பெட்டி, கேஸ் எல்லாம் இருக்கிறது. ஒரு கேக்கில் பொருள் செலவு போக எவ்வளவு நிற்கும் என்று ஓனரிடமே கேளுங்கள், நீங்களாக ஒரு சதவீதம் போடாதீர்கள். கடைக்குக் கடை, டிசைனுக்கு டிசைன் அது மாறும். அவர் "சுமாரா நூத்துக்கு நாப்பது நிக்கும்" என்றால் 36,100-க்கு 14,440. அதாவது ஜனவரியில் விளம்பரம் தன் செலவைத் தானே கட்டிக்கொண்டது, உங்கள் கட்டணத்தைக் கட்டவில்லை. 9,160 ரூபாய் குறைவு.

இதை எழுத பயமாக இருக்கும். ஆனால் அவர் கால்குலேட்டர் இல்லாமலே இந்தக் கணக்கைப் போட்டுவிடுவார், அவர் போடுவதற்கு முன்னால் நீங்கள் போட்டுக் காட்டுவது நல்லது. டிசம்பரையும் இதே முறையில் போட்டுப் பக்கத்தில் வையுங்கள்: 84 ஆர்டர், சராசரி 1,000 ரூபாய், 40% என்றால் 33,600, செலவு அதே 23,600, கையில் 10,000. இரண்டு மாதமும் சேர்த்தால் கிட்டத்தட்ட சரிக்குச் சரி, 840 ரூபாய் மிச்சம். டிசம்பர் தானாகவே கேக் விற்கும் மாதம் என்பதால் அந்த 84-இல் விளம்பரம் இல்லாமலே வந்திருக்கக்கூடியவர்கள் ஜனவரியைவிட அதிகமாக இருப்பார்கள் என்பது என் கணிப்பு, நிரூபிக்க முடியாது. பிறந்தநாள் கேக்கில் திரும்ப வருகிறவர்களின் மதிப்பும் இந்தக் கணக்கில் இல்லை; ஒரு குழந்தைக்கு வாங்கினவர் அடுத்த வருடமும் வரலாம். "வரலாம்" என்பதற்கு ரூபாய் மதிப்பு போட்டு லாபத்தில் சேர்ப்பதை மட்டும் செய்யாதீர்கள். லேபிள் ஒரு வருடம் ஓடட்டும், பிறகு உண்மையான எண் கையில் இருக்கும்.

இவ்வளவும் போட்ட பிறகு மெயிலுக்குத் தேவை, அவர் முடிவெடுக்க வேண்டிய ஒரு விஷயம். ஒன்றுதான், ஐந்து இல்லை. அதைக் கண்டுபிடிக்க 190 உரையாடலையும் உட்கார்ந்து படிக்க வேண்டும், ஒரு மத்தியானம் ஆகும், வேறு வழி கிடையாது. நம் உதாரணத்தில் 190-இல் அந்தத் தயார் வரிக்கு மேல் ஏதாவது பேசினவர்கள் 120 பேர். அதில் பகலில் வந்த 79 பேரில் 34 ஆர்டர். ராத்திரி 9 மணிக்கு மேல் வந்த 41 பேரில் 4 ஆர்டர். ஒன்பது மணிக்குக் கடை சாத்திவிடுகிறார்கள், போன் கடையிலேயே சார்ஜில் இருக்கிறது, மறுநாள் காலை பதினொரு மணிக்குப் பதில் போகிறது. தாமதம்தான் காரணம் என்று அடித்துச் சொல்லிவிடவும் கூடாது. ராத்திரி போனைத் தடவிக்கொண்டிருப்பவர்கள் சும்மா விலை கேட்டுப் பார்ப்பவர்களாகவும் இருக்கலாம். ஆனால் சோதித்துப் பார்க்கச் செலவே இல்லாத சந்தேகம் இது, அதனால்தான் இதைத் தேர்ந்தெடுக்கிறேன்.

நான் எழுதினால் அந்த மெயில் ஏறக்குறைய இப்படி இருக்கும். தலைப்பு வரியில் "ஜனவரி ரிப்போர்ட்" என்று போடாமல், "ஜனவரி: விளம்பரத்தில் 38 கேக் ஆர்டர், செலவு முழுதாக வரவில்லை" என்று போடுவேன். திறக்காவிட்டாலும் விஷயம் அவருக்குத் தெரிந்துவிடும்.

"வணக்கம் சார். ஜனவரியில் விளம்பரத்தைப் பார்த்து வாட்ஸ்அப்பில் வந்தவர்களில் 38 பேர் அட்வான்ஸ் கொடுத்து கேக் ஆர்டர் செய்திருக்கிறார்கள். மொத்த மதிப்பு ரூ.36,100. நீங்கள் சொன்னபடி நூற்றுக்கு நாற்பது நிற்கும் என்று வைத்தால் ரூ.14,440. விளம்பரத்துக்கும் எங்கள் கட்டணத்துக்கும் வரியோடு சேர்த்து நீங்கள் கொடுத்தது ரூ.23,600. ஆக, இந்த மாதம் ரூ.9,160 குறைகிறது. டிசம்பரில் இதே கணக்குப்படி ரூ.10,000 மிச்சம் இருந்தது.

டிசம்பரைவிடக் குறைந்தது நாம் இருவருமே எதிர்பார்த்ததுதான். போன ஜனவரியில் நோட்டுப்படி மொத்தம் 140 ஆர்டர் கேக், இந்த ஜனவரியில் 171. ஆனால் இந்த முறை ஒரு சனிக்கிழமை கூடுதல், அதனால் 31-உம் விளம்பரத்தால் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். 38 பேரில் 11 பேர் உங்களுடைய பழைய கஸ்டமர்கள், அவர்கள் விளம்பரம் இல்லாமலும் வந்திருக்கலாம்.

நான் கவனித்த ஒன்று: ராத்திரி 9 மணிக்கு மேல் 41 பேர் விலை கேட்டிருக்கிறார்கள், 4 ஆர்டர்தான் ஆகியிருக்கிறது. பகலில் கேட்ட 79 பேரில் 34 ஆர்டர். காலையில் பதில் போவதற்குள் அவர்கள் வேறு கடையில் சொல்லிவிடுகிறார்கள் என்று சந்தேகப்படுகிறேன், உறுதியாகத் தெரியவில்லை. பிப்ரவரியில் நான்கு வாரம் மட்டும் ராத்திரி பத்தரை வரை ஒருவர் வீட்டிலிருந்து பதில் சொல்ல முடியுமா? விலைப் பட்டியலும் பதில்களும் நான் போனிலேயே தயார் செய்து தருகிறேன். முடியும், முடியாது என்று ஒரு வரி சொன்னால் போதும். டெலிவரி பிப்ரவரியில் இருந்தாலும் அட்வான்ஸ் ஜனவரியில் வந்திருந்தால் அதை ஜனவரியில்தான் சேர்த்திருக்கிறேன். முழு விவரம் வேண்டுமானால் இணைப்பில் இருக்கிறது."

அவ்வளவுதான் மெயில். இதை அவர் போனில் படிப்பார், அடுப்புப் பக்கம் நின்றுகொண்டு. அதில் இல்லாதவற்றையும் கவனியுங்கள். எத்தனை பேர் விளம்பரத்தைப் பார்த்தார்கள், எத்தனை லைக், ஃபாலோயர் எவ்வளவு கூடியது, எதுவுமே இல்லை, எல்லாம் இணைப்பில். அவை பொய் இல்லை, விளம்பரத்தைச் சரிசெய்ய உங்களுக்குத் தேவைப்படும் எண்கள், அவருடைய எந்த முடிவும் அவற்றால் மாறப்போவதில்லை. இத்தனை சதவீதம் கூடியது, குறைந்தது என்பதும் இல்லை. சின்னக் கடைகளில் சதவீதம் ஏமாற்றும். வெப்சைட்டைத் தட்டினவர்கள் 4-இலிருந்து 9 ஆனால் 125% வளர்ச்சி என்று சாஃப்ட்வேர் பச்சை அம்பு காட்டும், ஐந்து பேர் கூடியிருக்கிறார்கள், அதில் இரண்டு பேர் உங்கள் ஆபீஸ் ஆட்களாகவே இருப்பார்கள்.

கூகுள் பிசினஸ் பக்கத்து எண்களையும் நான் இந்த மெயிலில் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டும் என்று உங்கள் ஆபீஸில் சொன்னால், "போன் வந்தது 85" என்று எழுதாதீர்கள். அது போன் பட்டனை அழுத்தியதன் எண்ணிக்கை, கடையில் யாராவது எடுத்தார்களா என்று கூகுளுக்குத் தெரியாது. வழி கேட்டவர்கள் எண்ணும் அப்படித்தான், வழி கேட்டவர் கடைக்கு வந்தார் என்று அர்த்தமில்லை. அந்த எண்கள் பல மாதம் ஒரே பக்கம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க உதவும், மாதாமாதம் ரூபாயாக மாற்ற உதவாது. அதிலும் தேடல் சொற்கள் பட்டியலில் சின்ன எண்களை 15-க்குக் குறைவு என்று மட்டும்தான் காட்டும், அதை வைத்துக்கொண்டு "முட்டை இல்லாத கேக்குக்குத் தேவை கூடுகிறது" என்று கதை எழுத முடியாது.

உங்கள் மேனேஜர் இந்த மெயிலைப் பார்த்தால் ஏஜென்சிக் கட்டணத்தை ஏன் செலவில் சேர்த்தாய் என்று கேட்பார். பல ஏஜென்சிகளில் விளம்பரச் செலவை மட்டும் வைத்துத்தான் கணக்குக் காட்டுவார்கள், அது வழக்கம், ஏமாற்று என்று சொல்லமாட்டேன். எந்த விளம்பரம் நன்றாக ஓடுகிறது என்று ஒன்றோடொன்று ஒப்பிட அதுதான் சரி. ஓனருக்கு அனுப்பும் மெயிலில் அவர் கொடுத்த முழுப் பணமும் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆபீஸில் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் குறைந்தபட்சம் "இதில் எங்கள் கட்டணம் சேர்க்கப்படவில்லை" என்று ஒரு வரி போட அனுமதி வாங்குங்கள். அதுவும் முடியாதென்றால் லாபம் என்ற பேச்சையே எடுக்காமல், எத்தனை ஆர்டர், எவ்வளவு செலவு என்பதோடு நிறுத்திவிடுங்கள்.

கடைசியாக, இந்த மெயிலைப் படித்துவிட்டு அவர் "அப்போ விளம்பரத்தை நிறுத்திப் பார்க்கலாமே" என்று சொல்ல வாய்ப்பிருக்கிறது. அதற்கும் தயாராக இருங்கள், பதறி மறுக்க வேண்டாம், மேலே பிரிக்க முடியாது என்று சொன்ன கேள்விக்கு ஓரளவு பதில் தெரிய அதுதான் வழி. ஆனால் பிப்ரவரியில் வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்த 2026-இல் பிப்ரவரி 14 சனிக்கிழமையில் விழுகிறது, அந்த வாரமே கணக்கைக் குழப்பிவிடும், ராத்திரிப் பதில் சோதனையும் அப்போதுதான் நடக்கும். மார்ச்சில் நான்கு முழு வாரம், திங்கள் தொடங்கி ஞாயிறு வரை, நிறுத்திவிட்டு மொத்த ஆர்டர் கேக் எத்தனை என்று நோட்டில் எண்ணி, போன மார்ச்சின் அதே நான்கு வாரத்தோடு வைத்துப் பாருங்கள். வித்தியாசம் ஏழெட்டு ஆர்டருக்குள் இருந்தால் எதுவும் சொல்ல முடியாது என்று இப்போதே அவரிடம் சொல்லி வையுங்கள், அந்த அளவுக்கு ஏற்ற இறக்கம் எந்த மாதமும் சும்மாவே இருக்கும். விளம்பரம் நின்றாலும் லேபிள் போடுவது நிற்கக் கூடாது, கடைப் பையனிடம் அதை நீங்களே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.